சாலகப் புள்ளி

கட்டத்தாளில் கிடைக்கோடும் நிலைக்கோடும் வெட்டும் இடத்தை, அதாவது இரண்டு ஆயத்தொலைவுகளும் முழு எண்களாக உள்ள புள்ளியை, ஆங்கிலத்தில் லாட்டிஸ் பாயின்ட் என்பர். லாட்டிஸ் என்பது மெல்லிய மரச்சட்டத்தைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது; சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் பின்னிய அடைப்பே அதன் முதற்பொருள். தமிழில் வேதியியலார் இதே கருத்துக்கு அணிக்கோவை என்றும், இலங்கை வழக்கில் சாலகம் என்றும் எழுதுகின்றனர். சாலகம், வலையைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்து, பின்னற்சாளரத்தையும் குறித்த சொல்லாதலால், மூலப்பொருளுக்கு அதுவே மிக நெருக்கமானது. பள்ளி மாணவருக்குக் கட்டப்புள்ளி என்றாலே போதும் என்பது என் கருத்து.

இச்சொல் முதன்மை பெறும் ஓரிடம், ஆஸ்திரியக் கணிதவியலாளர் கியோர்க் பிக் 1899-இல் வெளியிட்ட தேற்றம். முனைகள் யாவும் சாலகப் புள்ளிகளாக உள்ள, தன்னைத் தானே வெட்டாத பலகோணத்தின் பரப்பு A, விளிம்பில் உள்ள புள்ளிகள் B எனில், உள்ளே இருப்பவை:

```
I = A - B/2 + 1
```

(0,0), (6,0), (2,4) என்னும் முனைகளையுடைய முக்கோணத்தைப் பார்ப்போம். அதன் பரப்பு 12. ஒரு பக்கத்தின் கிடை வேறுபாட்டுக்கும் நிலை வேறுபாட்டுக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தியே, ஒரு முனையை மட்டும் சேர்த்தால் அப்பக்கத்தில் கிடைக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை. மூன்று பக்கங்களுக்கும் அது முறையே 6, 4, 2; ஆகவே B = 12, I = 12 - 6 + 1 = 7. நேரில் எண்ணினாலும் முதல் வரிசையில் 4, அடுத்ததில் 2, அதற்கு மேல் 1 என ஏழுதான்.

விளிம்புப் புள்ளியைப் பாதியாகக் கொள்வதும் ஒன்றைக் கூட்டுவதும் ஏன்? பலகோணத்தை, முனைகளைத் தவிர வேறு சாலகப் புள்ளியே இல்லாத சிறு முக்கோணங்களாகப் பிரித்தால், ஒவ்வொன்றின் பரப்பும் சரியாக 1/2. கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை. ஆகவே 360 பாகைக்கு ஓர் அலகுப் பரப்பு. உட்புள்ளியைச் சுற்றி 360 பாகை முழுவதும் பலகோணத்துக்குள் அடங்குகிறது; பக்கத்தின் நடுவிலுள்ள புள்ளியைச் சுற்றி 180 பாகையே அடங்கும். முனைகளில் அதுவும் சீராக இராது. ஆயினும் n முனைகளின் உட்கோணங்கள் சேர்ந்து (n - 2) × 180 பாகையாவதால், முனைக்கு 180 வீதம் எண்ணும்போது மொத்தத்தில் 360 பாகை மிகையாகிவிடும். அந்த ஓர் அலகைக் கழித்தால் A = I + B/2 - 1.

பரப்பு சரியாக இருந்தும் விடை பின்னமாக வந்தால் B-யில் பிழை என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் இரண்டு புள்ளிகள் விடுபட்டால் விடை முழு எண்ணாகவே வருவதால் பிழை மறைந்துகொள்ளும். பலகோணத்தினுள் ஓட்டை இருந்தால் ஓட்டைக்கு ஒன்று வீதம் விடையிலிருந்து கழிக்க வேண்டும்: 3×3 சதுரத்தின் நடுவே ஓரலகுச் சதுரத்தை வெட்டியெடுத்தால் A = 8, B = 12 + 4 = 16; சூத்திரம் 1 என்கிறது, உள்ளே ஒரு புள்ளியும் இல்லை.