பிங்குக்குப் பேசாத கருவிகள்

அலுவலக நெட்வொர்க்கில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று கேட்டால், பெரும்பாலானோர் முதலில் செய்வது, "இருக்கிறாயா?" என்று கேட்கும் பிங் என்ற சிறு செய்தியை எல்லா முகவரிகளுக்கும் அனுப்புவதுதான். வந்த பதில்களை எண்ணி அதையே பட்டியலாக எழுதிவிடுகிறார்கள். அந்தப் பட்டியலை நான் நம்புவதில்லை. காரணத்தை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

பாளையங்கோட்டை திருவனந்தபுரம் சாலையில், மாடியில் இயங்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரவுட்டர், ஆறு கணினிகள், ஒரு பிரிண்டர், விரல் வைக்கும் வருகைப் பதிவுக் கருவி, சிசிடிவி ரெக்கார்டர் ஆகியவை இருக்கின்றன. பின் அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று யாரோ வாங்கி மாட்டிய இரண்டாவது ரவுட்டரையும் சேர்த்தால் மொத்தம் 11. நெட்வொர்க் 192.168.1.0/24, அதாவது கேட்க வேண்டிய முகவரிகள் 254. நம் மடிக்கணினியிலிருந்து அத்தனைக்கும் பிங் அனுப்பினால் ஐந்து பதில்கள்தான் வருகின்றன.

பிங்குக்குப் பதில் சொல்வது கருவியின் விருப்பம். பொது நெட்வொர்க் என்று குறிக்கப்பட்ட விண்டோஸ் கணினியின் ஃபயர்வால், வழக்கமான அமைப்பில் அதைப் பேசாமல் தள்ளிவிடும். பல ரவுட்டர்களும் இணையப் பக்கத்துத் துளையில் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. ஆனால் ஒரே நெட்வொர்க்குக்குள் பிங் புறப்படும் முன்பே வேறொன்று நடந்தாக வேண்டும். மேக் முகவரி என்பது கருவியின் நெட்வொர்க் பகுதிக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் எண். 192.168.1.37 எந்த மேக் முகவரியில் இருக்கிறது என்று தெரியாமல் நம் கணினியால் எதையும் அங்கே அனுப்ப முடியாது. அதனால் "192.168.1.37 யாரிடம் இருக்கிறது?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு கேள்வியை முதலில் விடுகிறது. இதுதான் ஏஆர்பி. 1982-இல் வகுக்கப்பட்ட முறை. இதற்குப் பதில் சொல்லாத கருவியோடு ஐபிவி4-இல் யாருமே பேச முடியாது என்பதால், சாதாரண ஃபயர்வால்கள் இதில் கைவைப்பதில்லை.

இதை நீங்களே பார்க்கலாம். பிங் தோற்ற உடனே லினக்ஸில் இப்படிக் கேளுங்கள்:

```
ping -c 1 192.168.1.37
ip neigh show 192.168.1.37
```

பிங்குக்குப் பதில் இல்லை. ஆனால் இரண்டாவது வரியில் அந்தக் கருவியின் மேக் முகவரி வந்து நிற்கும். உண்மையிலேயே அங்கே எதுவும் இல்லையென்றால் `FAILED` என்று வரும். விண்டோஸில் `arp -a` இதே வேலையைச் செய்யும். நேரடியாக ஏஆர்பி மூலமே எல்லோரையும் கேட்க `sudo arp-scan --localnet` போதும். `nmap -sn` கட்டளையை `sudo` போட்டு ஓட்டும்போது ஒரு பட்டியலும், போடாமல் ஓட்டும்போது வேறு பட்டியலும் வருவதற்கும் இதுவே காரணம். `sudo` இருந்தால் அது உள்ளூர் நெட்வொர்க்கில் ஏஆர்பியைக் கொண்டு கேட்கிறது. இல்லாவிட்டால் 80, 443 என்ற இரண்டு போர்ட்களைத் தட்டிப் பார்ப்பதோடு சரி.

நம் அலுவலகத்தில் ஏஆர்பி எட்டுக் கருவிகளைக் காட்டுகிறது. இன்னும் மூன்று வரவில்லை.

முதலாவது, ரெக்கார்டர். முன்பிருந்த இணைய இணைப்பின் ரவுட்டர் 192.168.0.1 என்ற முகவரியில் இருந்தது. அப்போது ரெக்கார்டருக்கு 192.168.0.50 என்று நிலையான முகவரி கொடுத்தார்கள். இணைப்பு மாறியது, ரவுட்டர் மாறியது, ரெக்கார்டரை மட்டும் யாரும் தொடவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கிறது, பதிவும் செய்கிறது. நாம் கேட்ட 254 முகவரிகளில் அதன் முகவரி இல்லாததால் பதில் சொல்ல அதற்கு வேலையே வரவில்லை. இப்படிப்பட்டதைப் பிடிக்கக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டும். `sudo tcpdump -n -t arp` என்று கொடுத்துச் சிறிது நேரம் விட்டால் இப்படி ஒரு வரி வரும்:

```
ARP, Request who-has 192.168.0.1 tell 192.168.0.50, length 46
```

நேரத்தைச் சரிபார்க்கவோ வேறெதற்கோ வெளியே போக முயலும்போதெல்லாம், இல்லாமல் போன பழைய ரவுட்டரை அது கூப்பிடுகிறது. அந்தக் கூப்பாடு எல்லோருக்கும் போவதால் நமக்கும் கேட்கிறது.

மற்ற இரண்டும் பின் அறைக் கணினிகள். இரண்டாவது ரவுட்டரின் இணையத் துளையில் கேபிளைச் செருகியதால், அதன் பின்னால் தனியாக ஒரு நெட்வொர்க் உருவாகிவிட்டது. ஏஆர்பி கேள்வி ரவுட்டரைத் தாண்டாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகவரி, ஒரே மேக். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்தக் கணினிகளின் ஏஆர்பி இந்தப் பக்கம் வராது. பட்டியலில் ஒரு மேக் முகவரிக்கு நேரே ரவுட்டர் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயர் தெரிந்தால், அதை அப்படியே விட்டுவிடாமல் கேபிளைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும். அதைத் தனி நெட்வொர்க் உருவாக்காமல் வைஃபையை மட்டும் நீட்டிக்கும் அக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிவிட்டு மீண்டும் ஸ்கேன் செய்தால், இரண்டு கணினிகளும் தத்தம் முகவரியோடு வந்துவிடும்.

ரெக்கார்டரின் முகவரியையும் திருத்திய பிறகு எண்ணிக்கை 11 ஆகிறது. மேசைக்கு அடியில் கிடக்கும் எட்டுத் துளை ஸ்விட்ச் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. சாதாரண ஸ்விட்சுக்கு ஐபி முகவரி கிடையாது. அதைக் குனிந்து பார்த்துத்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.