மதியம் திரும்பி வரும் புது கார் வாசனை

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கார் எடுத்துப் பத்து நாள் ஆகிறது. காலையில் நான்கு கதவையும் ஒரு மணி நேரம் திறந்து வைத்தேன். வாசனை போய்விட்டது. மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து திறந்தால் முன்பைவிடக் கடுமையாக அடிக்கிறது. போன வாசனை எங்கிருந்து திரும்பி வருகிறது?"

நல்ல கேள்வி. புது கார் வாசனையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இதற்கான பதிலிலேயே இருக்கிறது.

முதலில் அந்த வாசனை என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். காரின் உட்பகுதி முழுக்கப் பிளாஸ்டிக், இருக்கை நுரை, செயற்கைத் தோல், தரை விரிப்பு, இவற்றையெல்லாம் ஒட்டி வைக்கும் பசை. இவற்றைத் தயாரிக்கும்போது சேர்த்த கரைப்பான்களும், முழுமையாக வினைபுரியாமல் மிஞ்சிய சிறு மூலக்கூறுகளும் பொருளுக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. டொலுயீன், சைலீன், ஸ்டைரீன், ஃபார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு எல்லாம் இந்தக் கூட்டம்தான். எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஜப்பானில் புதிதாக வாங்கிய ஒரு வேனுக்குள் இருந்த காற்றைப் பரிசோதித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில் 162 சேர்மங்களை அடையாளம் கண்டார்கள். ஆக, புது கார் வாசனை என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. அது ஒரு கலவை. அதனால்தான் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மணம்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். அந்த ஜப்பானிய வேனில், வாங்கிய மறுநாள் எல்லாச் சேர்மங்களும் சேர்ந்து கன மீட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் இருந்தன. ஒரு காருக்குள் ஏறக்குறைய 3 கன மீட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தக் காற்று முழுவதிலும் கலந்திருப்பது 42 மில்லிகிராம்தான். நான்கு கதவையும் திறந்தால் ஒரு நிமிடத்தில் அத்தனையும் வெளியே போய்விடும். ஆனால் டாஷ்போர்டுக்கும் கதவு உறைக்கும் அடியிலுள்ள பசையில் ஒரே ஒரு கிராம் கரைப்பான் எஞ்சியிருக்கிறது என்று கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் என்பது ஆயிரம் மில்லிகிராம். காருக்குள் உள்ள காற்றை இருபது முறைக்கு மேல் அதே அளவுக்கு நிரப்ப அது போதும். காலையில் வாசகர் காற்றைத்தான் காலி செய்தார். கிடங்கு பிளாஸ்டிக்குக்குள் அப்படியே இருந்தது.

அந்தக் கிடங்கிலிருந்து சரக்கு வெளியேறும் விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் என்பது மிக நீளமான மூலக்கூறு இழைகள் பின்னிப் பிணைந்து கிடக்கும் ஒரு சிக்கல். நூல்கண்டு ஒன்று சிக்கலாகிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. கையில் கெட்டியாகத் தெரிந்தாலும் அந்த இழைகள் சும்மா இருப்பதில்லை, ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கின்றன. நெளியும்போது அங்கங்கே கண நேரத்துக்கு ஒரு சிறு இடைவெளி திறக்கிறது. பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் டொலுயீன் மூலக்கூறு அதற்குள் தாவிவிடும். அடுத்த இடைவெளி முன்னால் திறக்கலாம், பின்னால் திறக்கலாம். அதற்குத் திசை தெரியாது. முன்னும் பின்னுமாகத் தாவித் தாவி என்றைக்கோ ஒருநாள் மேற்பரப்பை அடைந்து காற்றில் பறக்கிறது. பள்ளியில் விரவல் என்று படித்தோமே, அதுதான் இது.

திசையில்லாமல் தாவுவதால் ஒரு விசித்திரமான விளைவு உண்டு. இரண்டு மடங்கு ஆழத்தில் இருக்கும் மூலக்கூறு வெளியே வர இரண்டு மடங்கு நேரம் போதாது, நான்கு மடங்கு ஆகும். பத்து மடங்கு ஆழமென்றால் நூறு மடங்கு. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு படலம் ஒரே நாளில் காலியாகிறது என்று வையுங்கள். அதே பொருளில் செய்த 2 மில்லிமீட்டர் தகடு இருபது மடங்கு தடிமன். அது காலியாக 400 நாள் ஆகும், ஒரு வருடத்துக்கும் மேல். புது கார் வாசனை முதல் சில வாரங்களில் மளமளவென்று குறைந்துவிட்டு, அப்புறம் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். மேலோட்டமாக இருந்தவை போய்விட்டன. ஆழத்தில் இருப்பவை இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கின்றன.

சூடு ஏறினால் இழைகள் வேகமாக நெளியும், இடைவெளிகள் அடிக்கடி திறக்கும். மேற்பரப்பிலிருந்து ஆவியாவதும் கூடும். டொலுயீன், சைலீன் போன்றவற்றின் ஆவியழுத்தம் சூடு ஏற ஏற வேகமாகக் கூடுகிறது. 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குப் போனால், தோராயமாகச் சொன்னால், ஆறு முதல் எட்டு மடங்கு ஆகிவிடும். மூடிய காரில் வெயில் நேராக விழும் டாஷ்போர்டு, உள்ளிருக்கும் காற்றைவிட அதிகமாகச் சுடும். பெய்ஜிங்கில் ஒரு புதுக் காரை 12 நாள் வெளியே நிறுத்தி அளந்து 2023-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது: எவ்வளவு வாயு வரும் என்பதைக் காற்றின் வெப்பநிலையைவிட உட்பரப்பின் வெப்பநிலைதான் நன்றாகக் கணித்தது. அந்தக் காரில் ஃபார்மால்டிஹைடு சீனாவின் வரம்பைச் சுமார் 35 சதவீதம் தாண்டியிருந்தது. வாசகருக்கு மதியம் ஏன் கடுமையாக அடித்தது என்பது இப்போது புரிந்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் 2000 முதல் 4000 மில்லிகிராம் பென்சீன் சேர்கிறது, ஏசியைப் போட்டால் புற்றுநோய் வரும் என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாகப் பலருடைய கைப்பேசியில் சுற்றுகிறது. அதில் பாதுகாப்பான அளவு என்று சதுர அடிக்கு 50 மில்லிகிராம் என்கிறார்கள். காற்றில் உள்ள வாயுவைச் சதுர அடியில் யாரும் அளக்க மாட்டார்கள். கன அளவில்தான் அளக்க வேண்டும். 2007-ல் வெளியான ஆய்வு ஒன்றில், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் ஒரு புதுக் காரை விளக்குகளால் 65 டிகிரிவரை சூடாக்கி அளந்தார்கள். ஆவியாகும் சேர்மங்கள் அத்தனையும் சேர்ந்தே கன மீட்டருக்கு 10.9 மில்லிகிராம்தான். மூன்று வருடப் பழைய காரில் 1.2. புதுக் காரின் காற்று செல்களைக் கொல்லவில்லை. ஒவ்வாமை எதிர்வினையை மட்டும் சற்றே தூண்டியது. பென்சீனும் ஃபார்மால்டிஹைடும் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை என்பது உண்மை, அதைச் சிறிதாக நினைக்கக் கூடாது. ஆனால் நூறு மடங்கு ஊதிய எண்ணைப் பரப்பினால் மக்கள் பயப்படுவார்களே தவிர, எதைச் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ள மாட்டார்கள். ஒரு நாளில் இத்தனை மணி நேரம் நாம் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்குள்ளிருக்கும் காற்றைப் பற்றி இப்படிப்பட்ட அளவீடுகள் போதுமான அளவு இல்லாதது எனக்கு வருத்தமே. இதற்குப் பணம் ஒதுக்கினால் வதந்திக்கு இடமிருக்காது.

சரி, என்ன செய்யலாம்? சூடுதான் வாயுவை வெளியே தள்ளுகிறது என்றால், அந்தச் சூட்டையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஃபோர்டு நிறுவனம் இதே யோசனைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து, அது 2018-ல் வெளியானது: காரை வெயிலில் நிறுத்து, கண்ணாடியைத் திற, ஹீட்டரையும் விசிறியையும் ஓட்டு.

வீட்டில் செய்வதற்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். இருக்கைகளிலும் கதவுகளிலும் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறைகளை முதலில் உரித்துவிடுங்கள். புதிதாகவே இருக்கட்டும் என்று அதை விட்டு வைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அது நுரையிலிருந்து வரும் வாயுவை அடைத்து வைக்கும் மூடி. அப்புறம் நல்ல வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்துங்கள். நான்கு கண்ணாடிகளையும் இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பது நல்லது. காற்றில் வாயு நிறைந்துவிட்டால் பிளாஸ்டிக்கிலிருந்து மேற்கொண்டு வெளியேறுவது மந்தமாகிவிடும்; சிறு இடைவெளி அதைத் தொடர்ந்து வடித்துக்கொண்டே இருக்கும். முடிந்ததும் எல்லாக் கதவுகளையும் பத்துப் பதினைந்து நிமிடம் திறந்து வையுங்கள்.

இதில் பலரும் தவறுவது ஓர் இடத்தில். கார் ஆறிய பிறகு சாயங்காலம் திறக்கிறார்கள். அதற்குள் ஆவியில் ஒரு பகுதி திரும்ப இருக்கைத் துணியிலும் நுரையிலும் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. சூடாக இருக்கும்போதே திறக்க வேண்டும். இதை முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு முடிந்த நாளிலெல்லாம் செய்யுங்கள். அந்த நேரத்தில் உள்ளே யாரும் உட்கார வேண்டாம். குழந்தைகளோ செல்லப் பிராணிகளோ உள்ளே இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் நின்ற காரை எடுக்கும்போது ஒரு பக்கக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை ஐந்தாறு முறை திறந்து மூடுங்கள். கதவு விசிறிபோல வேலை செய்து சூடான காற்றைத் தள்ளிவிடும். ஓடத் தொடங்கியதும் ஏசியை வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வையுங்கள். உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்தினால் கிடங்கிலிருந்து வருவதையெல்லாம் நீங்களே திரும்பத் திரும்பச் சுவாசிப்பீர்கள். வாசனைத் திரவியம் வாங்கி மாட்டாதீர்கள். அதுவும் ஆவியாகும் சேர்மம்தான். எலுமிச்சை மணம் தரும் லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடையே உண்டாக்கும். கரிப் பொட்டலம் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் ஃபார்மால்டிஹைடை அவ்வளவாகப் பிடிக்காது. சூடேறினால் பிடித்ததிலும் ஒரு பங்கை விட்டுவிடும்.

குறைந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளே உட்கார்ந்துகொண்டு மோந்து பார்த்தால் தெரியாது. சில நிமிடங்களிலேயே மூக்கு பழகிவிடும். மூடிய காரை அதே மாதிரி வெயிலில் அதே நேரம் நிறுத்திவிட்டு, வெளிக்காற்றில் சற்று நின்று, கதவைத் திறந்ததும் வரும் முதல் மூச்சை வாரத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கண் எரிச்சலோ தலைவலியோ வந்தால் அன்றைக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள்.

இன்னொரு அடையாளம் முன்கண்ணாடியில் இருக்கிறது. பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கச் சேர்க்கும் நெகிழ்விப்பான்கள் கனமான மூலக்கூறுகள். பகலில் சூட்டில் மெல்ல ஆவியாகி, கண்ணாடி குளிரும்போது அதன் உட்புறத்தில் படிகின்றன. இரவில் எதிரே வரும் விளக்கு பட்டால் கண்ணாடி முழுக்க மங்கலாக விரியும். வெள்ளைத் துணியில் சோப்புத் தண்ணீர் தொட்டு உட்புறம் துடைத்தால் சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பாக ஒட்டும். கார் உற்பத்தியாளர்கள் இதற்கென்றே ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள்: உட்பாகத்தின் துண்டை 100 டிகிரியில் சூடாக்கி, மேலே குளிர்ந்த கண்ணாடியை வைத்து, மூன்று மணி நேரத்தில் அதன் பளபளப்பு எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். முதல் மாதத்தில் இந்தப் படலம் வாரத்துக்கு ஒருமுறை வரலாம். துடைத்த பிறகு அது திரும்பி வர எடுக்கும் நாட்கள் கூடிக்கொண்டே போனால், மேல்பரப்பில் உள்ள சரக்கு தீர்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.