மகனுக்கு லொசார்ட்டன், அம்மாவுக்கு அம்லோடிபின்: பிரஷர் குளிசையில் வயதும் வம்சமும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரே லயத்து வீட்டில் இருக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். மகனுக்கு வயது 38, பிரஷர் 152/98. அம்மாவுக்கு வயது 67, பிரஷர் 174/78. இருவருக்கும் சீனி வருத்தம் இல்லை. கிளினிக்கில் மகனுக்கு லொசார்ட்டன் 50 மி.கி. எழுதுகிறார்கள், அம்மாவுக்கு அம்லோடிபின் 5 மி.கி. "மகனுக்குக் குடுத்த குளிசைய எனக்கும் குடுங்களேன் டொக்டர், அவனுக்கு நல்லாக் கேக்குது" என்று அம்மா சொல்வது இயல்புதான். ஒரே இரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே வருத்தம். ஆனாலும் குளிசை வேறாக இருப்பதற்கு இருவரின் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்களிலும் காரணம் இருக்கிறது.

இரத்த அழுத்தம் ஏறுவதற்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. முதல் வழி ரெனின். சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைந்தாலோ உடம்பில் உப்பு குறைந்தாலோ சிறுநீரகம் ரெனினைச் சுரக்கும். ரெனினால் ஆஞ்சியோடென்சின் உருவாகும். அது இரத்தக் குழாய்களை இறுக்கும். கூடவே அல்டோஸ்டிரோன் என்ற ஹோர்மோனைத் தூண்டி, உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். எனலாப்ரில், லொசார்ட்டன் போன்ற மருந்துகள் இந்தச் சங்கிலியைத்தான் அறுக்கின்றன. இரண்டாவது வழியில் உப்பும் தண்ணீரும் உடம்பில் தேங்கிப்போகும். அப்போது, போதுமான அளவு இருக்கிறது என்று சிறுநீரகம் ரெனினைத் தானே குறைத்துக்கொள்ளும். ரெனின் குறைந்தாலும் பிரஷர் இறங்குவதில்லை, ஏனென்றால் அதை ஏற்றிவைத்திருப்பது தேங்கிய உப்பு.

வயது ஏற ஏற ரெனின் பொதுவாகக் குறைந்துகொண்டே வரும். வேலை செய்யும் வடிகட்டிகள் சிறுநீரகத்தில் குறைவதால் உப்பை வெளியேற்றும் திறனும் தளர்கிறது. பெருங்குழாய்கள் விறைத்துப்போகின்றன. அம்மாவின் 174/78 அந்த விறைப்பின் அடையாளம்: மேல் அளவு எகிறி நிற்கிறது, கீழ் அளவு சாதாரணமாகவே இருக்கிறது. அவருக்கு லொசார்ட்டனை மட்டும் கொடுப்பது, தண்ணீர் ஓடாத வாய்க்காலுக்கு அணை கட்டுவது மாதிரி. அறுப்பதற்கு அங்கே பெரிய சங்கிலி இல்லை. அம்லோடிபின் ரெனினைப் பார்ப்பதில்லை. இரத்தக் குழாய்ச் சுவரின் தசைக்குள் கல்சியம் நுழையும் வாசலை அடைத்து நேரடியாகவே குழாயைத் தளர்த்துகிறது. உப்பை வெளியேற்றும் சிறுநீர்க் குளிசையும் இப்படிப்பட்டவர்களுக்கு நன்றாகக் கேட்கும்.

இது வெறும் கணிப்பு அல்ல. 1999இல் கேம்பிரிட்ஜில் இளவயது நோயாளிகளுக்கு நான்கு வகை மருந்துகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரெனின் சங்கிலியைத் தடுக்கும் மருந்து நன்றாகக் கேட்டவருக்கு, ரெனின் சுரப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பி மருந்தும் கேட்டது. கல்சியம் வாசலை அடைக்கும் மருந்து கேட்டவருக்கு சிறுநீர்க் குளிசையும் கேட்டது. ஒரு ஜோடிக்குக் கேட்டதை வைத்து மற்ற ஜோடிக்குக் கேட்குமா என்று சொல்ல முடியவில்லை. இதிலிருந்து வளர்ந்ததுதான் பிரித்தானிய வழிகாட்டியில் இன்றும் இருக்கும் 55 வயது எல்லை. 55க்குக் கீழே ரெனின் சங்கிலியை அறுக்கும் மருந்து, 55இலும் அதற்கு மேலும் அம்லோடிபின் வகை. சீனி வருத்தம் இருந்தால் எந்த வயதிலும் முதல் வகைதான்.

அதே வழிகாட்டி, ஆப்பிரிக்க அல்லது ஆப்பிரிக்க-கரீபிய வம்சத்தவருக்கு, சீனி வருத்தம் இல்லாவிட்டால், எந்த வயதிலும் அம்லோடிபின் வகையையே முதலில் சொல்கிறது. சராசரியாக அவர்களிடம் ரெனின் குறைவு, உப்பைப் பிடித்து வைக்கும் போக்கு அதிகம். 2002இல் வெளிவந்த ஆல்ஹாட் என்ற அமெரிக்கப் பெரும் ஆய்வில், எனலாப்ரில் குடும்பத்து லிசினோப்ரில் எடுத்த கறுப்பின நோயாளிகளுக்கு, சிறுநீர்க் குளிசை எடுத்தவர்களைவிடப் பக்கவாதம் 40 சதவீதம் கூடுதலாக வந்தது. எனலாப்ரில் குடும்பத்து மருந்துகளால் உதடும் நாக்கும் திடீரென வீங்கும் ஆபத்தும் அவர்களுக்குக் கூடுதல். ஆனால் இவை கூட்டத்தின் சராசரி. தோலின் நிறத்தைப் பார்த்து ஒருவரின் ரெனினை அளந்துவிட முடியாது. இரு கூட்டத்தாரிலும் பெரும்பாலானவர்களுக்கு மருந்து கேட்கும் அளவு ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கிறது.

மலையகத்தில் இந்த வம்ச விதிக்கு இடமில்லை. பிரித்தானிய வழிகாட்டியிலும் தெற்காசியருக்கென்று தனி முதல் மருந்து கிடையாது, வயதுக் கணக்கு மட்டுமே. 2024இல் வெளிவந்த டாப்ஸ்பின் ஆய்வு இந்தியர்கள் 1,981 பேரிடம் மூன்று இரட்டை மருந்துச் சேர்க்கைகளை ஒப்பிட்டது. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குப் பிரஷரை இறக்கின. ஆப்பிரிக்காவில் 2019இல் இதேபோல் செய்த ஆய்வில் அம்லோடிபின் இருந்த சேர்க்கைகளே முந்தின. நம் மக்களின் பூர்வீகம் தென்னிந்தியா என்பதால், இந்திய முடிவையே நான் நமக்கு நெருக்கமானதாக எடுத்துக்கொள்வேன்.

வயது விதியை அப்படியே பின்பற்றினால் ஆபத்தாகும் இடம் ஒன்று உண்டு. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு லொசார்ட்டனோ எனலாப்ரிலோ விதிப்படி முதல் மருந்தாக வரும். அதே மருந்து கர்ப்பத்தில் சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 30 வயதில் பிரஷர் உள்ள ஒரு தங்கச்சி, பிள்ளை வேண்டும் என்று நினைத்தால் அதை முன்னரே கிளினிக்கில் சொல்ல வேண்டும். நிபெடிபின், லபெடலோல், மெத்தில்டோபா போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். மாதவிடாய் தள்ளிப்போனால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது.

மகனிடம் திரும்புவோம். லொசார்ட்டன் முழுதாய் வேலை செய்ய மூன்று முதல் ஆறு வாரம் எடுக்கும். தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் இரத்தத்தில், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு மேலே போனால் காரணம் தேட வேண்டும். தினமும் கருவாடும் உப்புச் சம்பலும் சாப்பிட்டால் ரெனின் அடங்கும், குளிசையும் மந்தமாகும். கொழுந்துக் கூடை சுமந்த முதுகு வலிக்கென்று கடையில் வாங்கும் டைக்ளோபெனக் போன்ற வலிக் குளிசைகளும் இந்த மருந்தின் வேலையைக் குறைத்து, சிறுநீரகத்தையும் வருத்தும்.

அம்மாவுக்கோ கணுக்கால் வீங்கலாம். நாள் முழுக்கச் சரிவில் நின்று வேலை செய்கிறவர்கள் இதைத் தேயிலை மலையின் களைப்பு என்றே நினைத்துக்கொள்வார்கள். அம்லோடிபின் சிறு குழாய்களின் வரும் பக்கத்தைத் திறக்கிறது, போகும் பக்கத்தை அவ்வளவாகத் திறப்பதில்லை. அதனால் நீர் கசிந்து காலில் சேர்கிறது. இது உடம்பில் தேங்கிய நீர் அல்லாததால் சிறுநீர்க் குளிசை இதை நன்றாக இறக்காது. அளவைக் குறைத்து, மகன் எடுக்கும் லொசார்ட்டனைக் கொஞ்சம் சேர்த்தால் போகும் பக்கமும் திறந்து வீக்கம் குறையும். ஆனால் மூச்சு வாங்குவதோடு இரண்டு காலும் வீங்கினால் இதயத்தைப் பார்க்க வேண்டும். குளிசையின் மேல் பழியைப் போட்டு விட்டுவிடக் கூடாது.

அம்மாவுக்கு லொசார்ட்டன் தனியாகக் கேட்பது குறைவு என்றேன், அம்லோடிபினுக்குத் துணையாகக் கேட்கிறது. சிறுநீர்க் குளிசை சேர்த்தாலும் அப்படித்தான்: உப்பு வெளியேறியதும் ரெனின் ஏறும், அறுக்க வேண்டிய சங்கிலி மறுபடி உருவாகும். வம்ச வேறுபாடும் இந்த இடத்தில் பெருமளவு மறைகிறது. 2018இல் வெளிவந்த டிரையம்ப் ஆய்வு நடந்தது இலங்கையில்தான். 700 நோயாளிகளில் ஒரு பாதிக்கு லொசார்ட்டன் வகையான டெல்மிசார்ட்டன் 20, அம்லோடிபின் 2.5, சிறுநீர்க் குளிசையான குளோர்தாலிடோன் 12.5 மி.கி. மூன்றையும் ஒரே குளிசையில் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 70 சதவீதம் பேர் இலக்கை எட்டினார்கள். வழக்கமான சிகிச்சையில் எட்டியவர்கள் 55 சதவீதம். முதலில் எந்தக் குளிசை என்பதில் வேறுபடும் அம்மாவுக்கும் மகனுக்கும் இரண்டாவது குளிசை தேவைப்பட்டால், பெரும்பாலும் இருவர் பையிலும் அதே இரண்டு மருந்துகள்தான் இருக்கும். அளவு மட்டும் அவரவர் சிறுநீரகத்தையும் பிரஷரையும் பார்த்து மாறும். அதனால்தான் பெயர் ஒன்றாயிருந்தாலும் ஒருவர் குளிசையை மற்றவர் எடுத்துப் போடக் கூடாது.