வெளுத்த எண்ணெயும் கறுத்த பசையும்

எண்ணெயை வாயில் ஊற்றிக் கொப்பளிக்கத் தொடங்கும்போது அது மஞ்சளாக, வழவழப்பாக, கனமாக இருக்கிறது. பதினைந்து நிமிடம் கழித்துத் துப்பும்போது நீர்த்து, நுரைத்து, பால்போல் வெளுத்திருக்கிறது. எண்ணெய் கொப்பளிப்பதைப் பரிந்துரைப்பவர்கள் இந்த வெண்மையைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். உடலிலிருந்த நச்சும் கிருமிகளும் எண்ணெயோடு வெளியே வந்துவிட்டன, அதனால்தான் நிறம் மாறியது என்கிறார்கள். கண்ணால் பார்ப்பதை யார்தான் நம்பாமல் இருப்பார்கள்? அந்த வெண்மை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

ஒரு சிறு கணக்குப் போதும். வாயில் ஊற்றியது 10 மில்லி எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயை இடைவிடாமல் அசைக்கும்போது நிமிடத்துக்கு ஒரு மில்லி அளவிலாவது உமிழ்நீர் சுரக்கும். பதினைந்து நிமிடத்தில் அது 15 மில்லி. ஆக, துப்பும் திரவத்தில் பாதிக்கு மேல் நம் உமிழ்நீர்தான். கன்னமும் நாக்கும் சேர்ந்து கடைந்ததில் எண்ணெய் நுண்துளிகளாக உடைந்து அந்த நீரில் பரவிவிடுகிறது. அத்தனை துளிகளும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால் கலவை வெள்ளையாகத் தெரிகிறது. பால் வெள்ளையாக இருப்பதிலும் கொழுப்புத் துளிகளின் இதே வேலை உண்டு. இதற்குப் பால்மம் என்று பெயர். ஒரு சிறு புட்டியில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி வேகமாகக் குலுக்கினாலும் கலங்கி வெளுக்கும். அந்தப் புட்டியில் நச்சும் இல்லை, கிருமியும் இல்லை. உமிழ்நீரில் உள்ள புரதங்கள் துளிகளைச் சற்று நேரம் பிரித்து வைப்பதால் வாய்க்குள் உண்டாகும் கலவை இன்னும் நன்றாக வெளுக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு விளக்கமும் சுற்றிவருகிறது. உமிழ்நீரின் காரத்தோடு எண்ணெய் வினைபுரிந்து சோப்பாகிறது, அந்தச் சோப்பு பல்லைக் கழுவுகிறது என்பது அது. எண்ணெயைச் சோப்பாக்கச் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற வலிய காரம் வேண்டும். உமிழ்நீரில் இருப்பது மென்மையான பைகார்பனேட். உடல் வெப்பத்தில், கால் மணி நேரத்தில், அந்தப் பைகார்பனேட்டைக் கொண்டு குறிப்பிடத்தக்க அளவு சோப்பு உண்டாக வழியில்லை.

அதனால் எண்ணெய் கொப்பளிப்பதில் எதுவுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தப் பழக்கம் ஆயுர்வேதத்தில் கண்டூஷம், கவலம் என்ற பெயர்களில் உண்டு. வாய் நிறைய வைத்து அசைக்காமல் இருப்பது முன்னது, அளவாக வைத்துக் கொப்பளிப்பது பின்னது. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஓர் ஆய்வு 2009-இல் இந்திய பல் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. ஈறு அழற்சி உள்ள 20 பதின்ம வயதுச் சிறுவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். பத்துப் பேர் நல்லெண்ணெய் கொண்டும், பத்துப் பேர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்க்கழுவியைக் கொண்டும் பத்து நாட்கள் கொப்பளித்தார்கள். இரண்டு குழுக்களிலும் பற்படலமும் ஈறு அழற்சியும் குறைந்தன. பல் மருத்துவர்கள் நம்பிப் பரிந்துரைக்கும் மருந்துக்கு நல்லெண்ணெய் ஈடுகொடுக்கிறது என்ற பேச்சு இதுபோன்ற ஆய்வுகளிலிருந்துதான் புறப்பட்டது.

அந்த ஆய்வில் இல்லாத மூன்றாவது குழு ஒன்று உண்டு. வெறும் தண்ணீரில் அதே பதினைந்து நிமிடம் கொப்பளித்திருக்க வேண்டிய குழு அது. அது இல்லாததால் குறைந்ததற்குக் காரணம் எண்ணெயா, கால் மணி நேரம் கொப்பளித்த உழைப்பா என்று பிரித்தறிய முடியவில்லை. ஆய்வில் சேர்ந்த எவரும், தம் பல்லை யாரோ சோதிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் வழக்கத்தைவிடக் கவனமாகப் பல் துலக்குவார்கள் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த சிக்கல். மேலும், பத்துப் பத்துப் பேரை ஒப்பிடும்போது இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றால், இரண்டும் சமம் என்று பொருளாகாது. வேறுபாடு இருந்தாலும் கண்டுபிடிக்கப் போதிய ஆட்கள் இல்லை என்பதாகவும் இருக்கலாம்.

தனித்தனிச் சோதனைகளைச் சேர்த்து எடைபோட்ட தொகுப்பாய்வு ஒன்று 2022-இல் வந்தது. ஒன்பது சோதனைகள், மொத்தம் 344 பேர். எண்ணெய் கொப்பளித்தவர்களின் உமிழ்நீரில் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. ஆனால் பல்லில் படிந்த படலத்தின் அளவிலும் ஈறின் நிலையிலும் நம்பத்தக்க வேறுபாடு இல்லை. இந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை. உமிழ்நீரில் மிதக்கும் பாக்டீரியா வேறு, பல்லைப் பற்றிக்கொண்ட பாக்டீரியா வேறு. பற்படலம் என்பது பாக்டீரியாக்கள் தாமே சுரந்த பசையில் ஒன்றோடொன்று பின்னிக் கட்டிக்கொண்ட குடியிருப்பு. வாயில் எதை ஊற்றிக் கொப்பளித்தாலும் மேலே மிதப்பவை போகும், தடித்து ஒட்டியவை நிற்கும். அதை உரசித்தான் எடுக்க வேண்டும்.

இதை அவரவரே பார்த்துக்கொள்ளலாம். பற்படலத்துக்குச் சிவப்புச் சாயம் ஏற்றும் மாத்திரைகள் உண்டு. கொப்பளித்து முடித்த பிறகு ஒன்றை மென்று துப்பிவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். ஈறும் பல்லும் சேரும் ஓரத்திலும், இரண்டு பற்களுக்கு நடுவிலும் சிவப்பு நிற்கிறதா என்று கவனியுங்கள். சிவப்பு நிற்கும் இடமெல்லாம் இன்னும் படலம் இருக்கும் இடம்.

பல் சொத்தையைப் பற்றியோ இந்தச் சோதனைகளால் ஒன்றும் சொல்ல முடியாது. இவை பெரும்பாலும் சில நாட்களோ சில வாரங்களோ நடந்தவை. ஒரு சொத்தை உருவாகிக் கண்ணுக்குத் தெரிய மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். எண்ணெய்க்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. குளோர்ஹெக்சிடின் நாட்பட்டால் பல்லில் பழுப்புக் கறை ஏற்றும், எண்ணெய் அப்படிச் செய்வதில்லை. வாய் வறட்சி உள்ளவர்களுக்கு அந்த வழவழப்பு இதமாகவும் இருக்கலாம். ஆனால் எண்ணெய் தவறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரல் அழற்சி வந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கொப்பளித்துத் துப்பத் தெரியாத சிறு குழந்தைகளுக்கு இது வேண்டவே வேண்டாம்.

கரிப் பற்பசையின் கதை உறிஞ்சுதலில் தொடங்குகிறது. கரி பல்லின் கறையை உறிஞ்சி எடுத்துப் பல்லை வெளுக்கவைக்கும் என்பதுதான் அதைப் பரிந்துரைப்பவர்கள் சொல்வது. ஒரு கிராம் செறிவூட்டிய கரியின் நுண்துளைகளை விரித்துப் பார்த்தால் அதன் பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். இது உண்மை. நஞ்சருந்தியவர்களுக்கு மருத்துவமனையில் கரி கொடுப்பதும் உண்மை. அங்கே பெரியவர் ஒருவருக்குச் சுமார் 50 கிராம் கரியை நீரில் கலக்கி, இயன்றவரை ஒரு மணி நேரத்துக்குள் குடிக்கவைக்கிறார்கள். வயிற்றில் கரைந்து மிதக்கும் நஞ்சின் மூலக்கூறுகள் கரியின் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. வேதியியலில் இதைப் பரப்புக் கவர்தல் என்பார்கள்.

பிரஷ்ஷில் வைக்கும் ஒரு கிராம் பசையில் நடப்பது வேறு. பசையில் கரி ஒரு பங்குதான். அதன் துளைகள் பசையிலுள்ள கிளிசரின், நுரைப்பான், வாசனைப் பொருள்கள் ஆகியவற்றோடு குழாயிலேயே மாதக்கணக்கில் ஊறிக் கிடந்தவை. கிடைக்கும் நேரம் இரண்டு நிமிடம். அதைவிட முக்கியமானது, தேநீர், புகையிலைக் கறைகள் நீரில் மிதக்கும் மூலக்கூறுகள் அல்ல. பல்லின் மேலுள்ள மெல்லிய புரதப் படலத்தில் பிணைந்து கிடப்பவை. கரி அவற்றை எடுக்கிறது என்றால், அது உறிஞ்சி எடுப்பதில்லை, தேய்த்து எடுக்கிறது. சிலிக்கா போன்ற தேய்ப்புப் பொருள் உள்ள எந்தப் பற்பசையும் செய்யும் வேலைதான் இது.

அதனால் முதல் சில வாரங்களில் பல் பளிச்சென்று தெரிவது உண்மையாகவே இருக்கலாம். மேற்கறை போயிருக்கும். பல்லின் உள்நிறம் மட்டும் அப்படியே இருக்கும். பற்களின் மஞ்சள் பெரும்பாலும் எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினின் நிறம். எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள் என்பதால் அந்த மஞ்சள் மேலே தெரிகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு எனாமலுக்குள் ஊடுருவி நிறமிகளைச் சிதைக்கும். கரித்துகள் உள்ளே நுழையாது. மாறாக, தேய்த்துத் தேய்த்து எனாமல் மெலிந்தால் அடியிலுள்ள மஞ்சள் இன்னும் கூடுதலாகத் தெரியும். பல் மஞ்சளாகிறதே என்று மேலும் அழுத்தித் தேய்ப்பவர், தாம் தப்ப நினைத்த நிறத்தை நோக்கியே போய்க்கொண்டிருக்கிறார். எனாமல் தேய்ந்தால் மீண்டும் வளராது.

பசை எவ்வளவு தேய்க்கும் என்பதை அளக்க முறை இருக்கிறது. டென்டின் மாதிரியைக் கதிரியக்கமூட்டி, இயந்திரப் பிரஷ்ஷால் பசைகொண்டு தேய்த்து, கழுவிய நீரில் எவ்வளவு கதிரியக்கம் வந்துள்ளது என்று பார்ப்பார்கள். அளவுகோலாக வைத்த ஒரு பொடிக்கு 100 என்று மதிப்பு. பன்னாட்டுத் தர வரம்பு 250. கரிப் பசைகளை அளந்தபோது சில மென்மையாகவும் சில கடுமையாகவும் இருந்தன. கரி என்ற சொல்லை மட்டும் பார்த்து எது எப்படி என்று சொல்ல முடியாது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரிபவர்கள் கூடுதலாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டென்டின் எனாமலைவிட மிக மென்மையானது. கடைவாய்ப் பக்கம் ஈறோரத்தில் நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஆப்புப் போல் வெட்டிய பள்ளத்தில் நகம் தட்டினால், அழுத்தித் தேய்த்ததன் தடமாக இருக்கலாம், பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஈறின் மடிப்பிலும் பழைய அடைப்புகளின் விளிம்பிலும் கரித்துகள் தங்கிக் கறுப்புக் கோடு விழுவதும் உண்டு.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது தேய்மானம்கூட இல்லை. அமெரிக்க பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2017-இல் வெளிவந்த ஆய்வு, கரிப் பற்பசைகளின் பாதுகாப்புக்கோ பயனுக்கோ போதிய சான்று இல்லை என்றது. 2019-இல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழின் கட்டுரை, ஆராயப்பட்ட 50 கரிப் பசைகளில் வெறும் 8 சதவீதத்தில்தான் ஃப்ளூரைடு இருந்தது என்று சொன்னது. பற்பசையில் சொத்தையைத் தடுப்பதாக மிக உறுதியாக மெய்ப்பிக்கப்பட்ட பொருள் ஃப்ளூரைடுதான். பாக்டீரியாவின் அமிலத்தில் பல்லின் தாது கரைவதும், உமிழ்நீரிலிருந்து மீண்டும் படிவதும் நாள்தோறும் நடக்கிறது. ஃப்ளூரைடு அந்தப் படிதலை விரைவுபடுத்தி, கரைதலைத் தாமதிக்கிறது. வெண்மைக்காகக் கரிக்கு மாறியவர் தமக்குத் தெரியாமலே இந்தக் காப்பைக் கைவிட்டிருக்கக்கூடும். அது அன்றைக்கு வலிக்காது. ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பற்களுக்கு நடுவே சொத்தையாகத்தான் தெரியும்.

ஆகவே கரிப் பசை வைத்திருப்பவர்கள் குழாயைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். சோடியம் ஃப்ளூரைடு, சோடியம் மோனோஃப்ளூரோபாஸ்பேட், ஸ்டானஸ் ஃப்ளூரைடு, இந்த மூன்றில் ஒன்று இருக்கிறதா, பெரியவர்களுக்கான பசை என்றால் அளவு 1000 முதல் 1500 பிபிஎம் வரை இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் கொப்பளிப்பதை விட மனமில்லாதவர்கள் அதைப் பல் துலக்குவதற்கு முன்பு வைத்துக்கொள்ளலாம். துலக்கிய பிறகு கொப்பளித்தால், பல்லின் மேல் தங்கியிருக்க வேண்டிய ஃப்ளூரைடையும் சேர்த்துத் துப்பிவிடுவோம்.