காண்டென்சர் மைக் ஊமையானபோது: மூன்று கம்பிகளும் 48 வோல்ட்டும்

நண்பர் ஒருவர் தம் வீட்டுச் சிற்றறையில் ஒலிநூல்களைப் பதிவு செய்து வருகிறார். ஒரு மாலை அவருடைய காண்டென்சர் மைக்கிலிருந்து ஒலி வருவது அடியோடு நின்றுவிட்டது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸில் 48V என்ற விளக்கு எரிந்துகொண்டிருந்தது; ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழை முழுவதும் திருகியும் ஹெட்ஃபோனில் மெல்லிய இரைச்சல் மட்டுமே கேட்டது. பேசும்போது இன்டர்ஃபேஸின் முகப்பிலுள்ள அளவு விளக்குகூட மினுங்காததால், குறை கணினிக்கு வெளியே இருக்கிறது என்பது உறுதியாயிற்று. அந்த விளக்கு எரிந்திருந்தால், பதிவு மென்பொருளில் தவறான உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா, விண்டோஸ் மைக்குக்கு அனுமதி மறுத்திருக்கிறதா என்று வேறு திசையில் தேடியிருக்க வேண்டும்.

அடுத்து அவர் அதே கேபிளில் ஒரு டைனமிக் மைக்கை மாட்டிப் பேசிப் பார்த்தார். குரல் நன்றாகவே வந்தது. அடியில் லேசான உறுமல் இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. ஆகவே கேபிள் நலம், காண்டென்சர் மைக்தான் பழுது என்று முடிவுகட்டி, அதைப் பழுதுபார்க்க அனுப்பப் பெட்டியும் எடுத்து வைத்துவிட்டார். யாருக்கும் இயல்பாகத் தோன்றக்கூடிய முடிவுதான். ஆனால் பழுது கேபிளில்தான் இருந்தது.

டைனமிக் மைக்கில் காந்தத்தின் இடையே ஒரு கம்பிச்சுருள் அசைகிறது. அந்த அசைவே மின்னழுத்தத்தை உண்டாக்குவதால் அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. காண்டென்சர் மைக்கில் நடப்பது வேறு. மிக மெல்லிய சவ்வும் அதன் பின்னாலுள்ள உலோகத் தகடும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாகின்றன. ஒலியால் சவ்வு அசையும்போது அதன் மின்தேக்குத் திறன் மாறுகிறது. அந்த நுண்ணிய மாற்றத்தைக் கேபிளில் அனுப்பத்தக்கதாக மாற்ற, மைக்கின் உடலுக்குள்ளேயே ஒரு சிறு டிரான்சிஸ்டர் சுற்று இயங்க வேண்டும். அதற்கான உணவுதான் பேண்டம் பவர். 1966இல் ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம் நார்வே ஒலிபரப்பு நிலையத்துக்காக இம்முறையை உருவாக்கியபோது, அங்கு அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அந்த எண்ணே இன்றுவரை நிலைத்துவிட்டது.

மைக்கை இன்டர்ஃபேஸோடு இணைக்கும் எக்ஸ்.எல்.ஆர் கேபிளில் மூன்று இணைப்புகள் உள்ளன: 1ஆம் பின் வெளிப் பின்னலுக்கு, 2ஆம், 3ஆம் பின்கள் ஒலியைச் சுமக்கும் இரு கம்பிகளுக்கு. இன்டர்ஃபேஸ், 6.8 கிலோ ஓம் மதிப்புள்ள இரண்டு மின்தடைகள் வழியாக 2, 3 ஆகிய இரு பின்களுக்கும் ஒரே அளவில் 48 வோல்ட்டைத் தருகிறது. மின்சாரம் இரு கம்பிகளிலும் இணையாகச் சென்று, மைக்கின் சுற்றை இயக்கி, 1ஆம் பின் வழியாகத் திரும்புகிறது. ஒலியோ இரு கம்பிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடாகப் பயணிக்கிறது. இரண்டிலும் ஒரே 48 வோல்ட் இருப்பதால் அந்த வேறுபாட்டில் அதன் சாயலே தெரிவதில்லை. பேயைக் குறிக்கும் ‘பேண்டம்’ என்ற சொல்லை இதற்குப் பெயராக வைத்தது பொருத்தம்தான். டைனமிக் மைக்கின் சுருளுடைய இரு முனைகளிலும் இதே சம அழுத்தம் நிற்பதால், 48 வோல்ட்டை அணைக்காமல் விட்டாலும் அதன் ஊடே மின்னோட்டம் பாய்வதில்லை.

இனி கேபிளின் ஒரு கம்பி அறுந்ததாக வைத்துக்கொள்வோம். 1ஆம் பின் அறுந்தால், டைனமிக் மைக்குக்குத் தேவையான இரு கம்பிகளும் முழுமையாக இருப்பதால் அது பேசும்; காப்புப் பின்னல் துண்டிக்கப்பட்டதால் உறுமல் மட்டும் சேரும். காண்டென்சர் மைக்குக்கோ மின்சாரம் திரும்பும் வழி இல்லாததால் அது முற்றிலும் இறந்துவிடும். 2ஆம் அல்லது 3ஆம் பின் அறுந்தால் கதை தலைகீழாகிறது. டைனமிக் மைக்கின் சுற்று உடைவதால் அதன் ஒலி ஏறக்குறைய மறைந்துவிடும். மின்மாற்றி இல்லாத பல காண்டென்சர் மைக்குகளோ மிஞ்சிய ஒரு கம்பியில் மின்சாரம் பெற்று, மெலிந்த குரலிலாவது பேசும். ஆகவே ஒரு மைக் பேசுவதால் கேபிள் நலம் என்று ஆகிவிடாது. எந்த மைக் பேசுகிறது, எது ஊமையாகிறது என்பதே அறுந்த கம்பியைக் காட்டிக்கொடுக்கிறது.

நண்பரின் அறையில் மல்டிமீட்டரை நேர்மின் அழுத்த அளவில் வைத்து, முதலில் இன்டர்ஃபேஸின் உள்ளீட்டிலேயே சோதித்தோம். 1க்கும் 2க்கும் இடையே 48 வோல்ட்டை ஒட்டிய அளவு, 1க்கும் 3க்கும் இடையே அதே அளவு, 2க்கும் 3க்கும் இடையே சுழி. 44 முதல் 52 வோல்ட் வரை இருந்தால் தரவரையறைக்கு உட்பட்டதே. பிறகு கேபிளை மாட்டி, மைக் செருகும் முனையின் துளைகளில் அளந்தபோது, நிலையற்ற சில வோல்ட்டுகளே அலைந்துகொண்டிருந்தன. முனையின் மூடியைத் திருகிக் கழற்றியதும், 1ஆம் பின்னில் ஈயம் வைத்த இடத்திலிருந்து பின்னல் இழைகள் மொத்தமாக விடுபட்டு நிற்பது கண்ணுக்கே தெரிந்தது. கேபிளை இறுகப் பிடிக்க வேண்டிய கவ்வி தளர்ந்திருந்ததால், ஒவ்வொரு முறை இழுத்தபோதும் சுமை முழுவதும் அந்த ஒற்றை இணைப்பின் மேல் விழுந்திருக்கிறது.

எல்லாக் குறைகளும் இவ்வளவு வெளிப்படையாக இருப்பதில்லை. கடற்கரை ஊர்களில் பின்கள் கறுத்து, இணைப்பில் 20 கிலோ ஓம் தடை ஏறிவிட்டதாகக் கொள்வோம். மல்டிமீட்டர் மிகச் சிறிதளவு மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வதால் அது அப்போதும் 48 வோல்ட் என்றே காட்டும். மைக்கை மாட்டியதும் அந்த அழுத்தம் சரிந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க மின்னோட்டத்தை அளக்க வேண்டும். மீட்டரை மில்லிஆம்பியர் அளவுக்கு மாற்றி, 1ஐயும் 2ஐயும் அதன் வழியாகச் சில விநாடிகள் இணைத்தால், நல்ல கேபிளில் 48ஐ 6.8ஆல் வகுத்த 7 மில்லிஆம்பியர் பாயும். கறுத்த இணைப்பில் அது 2 மில்லிஆம்பியரைக்கூட எட்டாது. 1க்கும் 3க்கும் இடையே இதையே திரும்பச் செய்ய வேண்டும். (மெல்லிய உலோகப் பட்டை அசைந்து ஒலியைப் பிடிக்கும் ரிப்பன் மைக் வைத்திருப்போர் 2 அல்லது 3ஆம் கம்பி பின்னலோடு ஒட்டிக்கொண்ட கேபிளைப் பேண்டம் பவரோடு பயன்படுத்திவிடக் கூடாது, இரு பக்கச் சமநிலை குலைந்து ரிப்பனே சேதமாகலாம்.)

அறுந்த பின்னலை முறுக்கிப் புதிதாக ஈயம் வைத்து, கவ்வியை இறுக்கி, 48 வோல்ட்டை அணைத்த நிலையில் காண்டென்சர் மைக்கை மாட்டி, பிறகு சுவிட்சைப் போட்டோம். மைக்கின் சுற்று நிலைகொள்ளச் சில விநாடிகள் ஆகும். அதுவரை ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்து வைப்பது நல்லது. நண்பர் வாய் திறந்ததும் அளவு விளக்கு சிவப்பாக எரிந்து, குரல் கரகரத்தது. ஊமை மைக்கைப் பேசவைக்க அவர் முழுவதும் திருகியிருந்த கெயின் குமிழ் அப்படியே இருந்தது.

குரலின் உரப்பும் வாயிலிருந்து தொலைவும் ஒன்றாக இருந்தாலும், ஒரு டைனமிக் மைக் சுமார் 2 மில்லிவோல்ட் தரும் இடத்தில் காண்டென்சர் மைக் 20 மில்லிவோல்ட் தருவது வழக்கம். பத்து மடங்கு என்பது 20 டெசிபெல். டைனமிக் மைக்குக்கு 50 டெசிபெல் கெயின் வேண்டியிருந்தால் காண்டென்சருக்கு 30 போதும். இதன் மறுபக்கமும் உண்டு: காண்டென்சருக்கு வைத்த கெயினிலேயே டைனமிக் மைக்கை மாட்டிப் பேசினால் குரல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து, பழுதுபோலவே தோன்றும். உரத்த சொல்லிலும் மீட்டர் −10 டெசிபெல்லைத் தாண்டாதபடி குமிழை இறக்கியபின், நண்பர் நிறுத்திய அத்தியாயத்தின் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார், உறுமல் கேட்கவில்லை.