ப்ராஸ்பெக்டஸ்: இதுக்கு தமிழ்ல என்ன, அதுல எதைப் படிக்கணும்

போன வாரம் தங்கச்சி போன் பண்ணா. முதல் தடவையா ஒரு ஐபிஓ-வுக்கு, அதாவது ஒரு கம்பெனி பொதுமக்களுக்கு முதல்ல பங்கு விக்கிறதுக்கு, அப்ளை பண்ணப் போறா. "அண்ணா, ப்ராஸ்பெக்டஸ் படின்னு சொன்னியே, திறந்து பாத்தா ஐந்நூறு பக்கத்துக்கு மேல இருக்கு, காலேஜ் ப்ராஸ்பெக்டஸ் மாதிரி கொஞ்சூண்டு இருக்கும்னு நெனச்சேன்"னா. சொல்லு என்னவோ ரெண்டுக்கும் ஒண்ணுதான், அதனால சொல்லுலருந்தே ஆரம்பிக்கிறேன்.

லத்தீன்ல "ப்ரோ"ன்னா முன்னால, "ஸ்பெசெரே"ன்னா பார்க்கிறது. ரெண்டும் சேந்து ப்ராஸ்பெக்டஸ், அதாவது முன்னால தெரியுற காட்சி. பழைய காலத்துல புத்தகம் போடுறவங்க அச்சடிக்கிறதுக்கு முன்னாடியே இந்த மாதிரி புத்தகம் வரப்போகுது, இப்பவே சந்தா கட்டுங்கன்னு ஒரு தாள் அடிச்சு குடுப்பாங்க, அதுக்கு இந்தப் பேரு இருந்துச்சு. இனிமே வரப்போறதை சொல்லி இப்ப காசு வாங்குறது, அந்த அர்த்தம் இன்னிக்கும் மாறல. காலேஜ் குடுக்கிறதை விளக்கக் கையேடுன்னு சொல்லலாம். கம்பெனி குடுக்கிறதுக்கு நம்ம வணிகவியல் பாடத்துல தகவலறிக்கைன்னு வரும். எனக்கு இந்த சொல்லு ரொம்பப் பிடிக்கும், ஏன்னா சட்டம் அதை விளம்பரமா பாக்கறதில்ல. 2013 கம்பெனி சட்டத்துல பிரிவு 34 அதுல பொய் இருந்தா வெளியிட்டவங்களுக்கு குற்றப் பொறுப்பு, பிரிவு 35 நஷ்டப்பட்டவங்களுக்கு ஈடு கட்டுற பொறுப்புன்னு வெச்சிருக்கு. டிவில வர்ற விளம்பரத்தை விட இந்த அறிக்கைல கம்பெனி பம்மிப் பம்மிப் பேசுறதுக்கு காரணம் இதான்.

இதுல மூணு கட்டம் இருக்கு. முதல்ல பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி-கிட்ட போறது வரைவு. அப்புறம் வர்றது ரெட் ஹெர்ரிங் ப்ராஸ்பெக்டஸ். கடைசில விலை முடிவானதும் வர்றது முழு தகவலறிக்கை. ஹெர்ரிங் ஒரு மீன், ஆனா ரெட் ஹெர்ரிங்னா ஏமாத்துற விஷயம்னு இங்கிலீஷ்ல ஒரு அர்த்தம் இருக்கிறதால பேரைக் கேட்டு நிறைய பேர் பயந்துடுறாங்க. அமெரிக்காவுல ஆரம்ப அறிக்கையோட அட்டைல இது இன்னும் முடிவாகலன்னு சிவப்பு மைல எச்சரிக்கை போடுவாங்க, பேரு அதுலருந்து வந்தது. நம்ம சட்டத்துல பிரிவு 32 படி, விலையோ எத்தனை பங்குன்னோ முழுசா சொல்லாத தகவலறிக்கைதான் இது. தமிழ்ல சொல்லணும்னா "விலை முடிவாகாத தகவலறிக்கை"ன்னே சொல்லிடலாம், மீனை எல்லாம் இழுக்க வேணாம். அப்ளை பண்றவங்க படிக்க வேண்டியது இதத்தான், வரைவு வந்தப்ப இருந்த கணக்கு நடுவுல மாறியிருக்கலாம்.

சரி, ஐந்நூறு பக்கத்துல எங்க போறது? தங்கச்சிகிட்ட ரெண்டே அத்தியாயம் சொன்னேன். பிடிஎஃப்-ஐ திறந்து `Ctrl+F` அடிச்சு `Objects of the Offer`னு தேடு, கிடைக்கலன்னா `Objects of the Issue`, அதைப் படிச்சிட்டு அப்புறம் `Risk Factors`க்கு வா. புத்தகத்துல ரிஸ்க்தான் முன்னாடி வரும், ஆனா காசு எங்க போகுதுன்னு தெரிஞ்சாதான் எந்த ரிஸ்க் நம்ம மேல விழும்னு புரியும். முதல் அத்தியாயத்தை தமிழ்ல "வெளியீட்டின் நோக்கங்கள்"னு சொல்லுவாங்க, ஆனா உள்ள இருக்கிறது என்னவோ திரட்டுற பணத்தோட பயன்பாடு, அப்படியே சொன்னா வாசகருக்கு சட்டுனு புரியும்.

இதுல முதல் கேள்வி, என் காசு கம்பெனிக்குப் போகுதா இல்ல ஏற்கெனவே பங்கு வெச்சிருக்கிறவங்க பாக்கெட்டுக்குப் போகுதா? கம்பெனி புதுசா பங்கு போட்டா ஃப்ரெஷ் இஷ்யூ, பழைய ஆளு தன் பங்கை வித்தா ஆஃபர் ஃபார் சேல். 2021 நவம்பர்ல வந்த பேடிஎம் வெளியீட்டை எடுத்துக்குவோம். மொத்தம் 18,300 கோடி, அதுல புதுசு 8,300 கோடி, பழைய பங்குதாரர்கள் வித்தது 10,000 கோடி. குறைஞ்சது ஒரு லாட்டாவது கேக்கணும், ஒரு லாட்டுக்கு 6 பங்கு, விலை வரம்புல மேல் விலை 2,150, ஆக 12,900 ரூபா. அதை அதே விகிதத்துல பிரிச்சா சுமார் 5,850 ரூபா கம்பெனிக்கு, 7,050 ரூபா வித்துட்டுப் போறவங்களுக்கு. விக்கிறது தப்பே இல்ல, ஆனா கம்பெனி வளரத்தான் என் காசு மொத்தமும் போகுதுன்னு நெனச்சு அப்ளை பண்ணா அது தப்புக் கணக்கு.

கம்பெனிக்கு வர்ற பங்கையும் பாக்கணும். 4,300 கோடி பேடிஎம்மோட தொழில் வட்டத்தை பலப்படுத்த, 2,000 கோடி புது முயற்சி, வேற கம்பெனி வாங்குறது, கூட்டு சேர்றது, மிச்சம் பொதுவான நிறுவனத் தேவைன்னு எழுதியிருந்தாங்க. இந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு எப்பவும் உறுத்தும். எதுக்குன்னு சொல்லாத பணம் அது, அதனாலதான் திரட்டுற பணத்துல 25 சதவீதத்துக்கு மேல அப்படி வெக்கக் கூடாதுன்னு செபி விதி போட்டிருக்கு. இயந்திரம் வாங்குறோம், இந்த பேங்க் கடனை அடைக்கிறோம்னு எழுதினா பின்னாடி கேள்வி கேக்க இடம் இருக்கு, தொழில் வட்டத்தை பலப்படுத்துறோம்னு எழுதினா என்னன்னு கேப்பீங்க?

இப்ப ரிஸ்க். இதுக்கு தமிழ் இடர். ஆபத்துன்னு சிலர் எழுதுறாங்க, அது கிட்ட வந்து நிக்கிற கேடு மாதிரி ஒலிக்குது, இடர்னா வரலாம் வராமலும் போகலாம், அதனால இடர்க் காரணிகள்தான் சரி. முக்கியமானது மேல, அடுத்தது கீழன்னு வரிசையா போடணும்னு விதி, அதனால முதல் பத்தை மெதுவா படிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. மழை வெள்ளம், பொருளாதார மந்தம், போட்டின்னு எல்லா கம்பெனியும் எழுதுறதை தாண்டிப் போயிடலாம். நம்பரோ பேரோ இடமோ இருக்கிற இடரைப் பிடிச்சு நிறுத்தணும்.

பேடிஎம் தொடர்ந்து நஷ்டத்துல இருக்கோம், லாபம் எப்பவும் வராமலே போகலாம்னு அதுலயே எழுதியிருந்துச்சு, முந்தின நிதியாண்டு நஷ்டம் மட்டும் 1,701 கோடி. 2,150-க்கு வாங்கினவங்க பங்கு, சந்தைல லிஸ்ட் ஆன நவம்பர் 18 அன்னைக்கே சுமார் 1,560-ல முடிஞ்சுது. அறிக்கைல மறைக்கல, படிச்சவங்கதான் கம்மி.

நம்ம ஊரு பக்கத்து உதாரணம் 2024 அக்டோபர்ல வந்த ஹூண்டாய் மோட்டார் இந்தியா. 27,870 கோடி, அவ்வளவும் கொரிய தாய் கம்பெனி வித்த பங்கு, இந்தியக் கம்பெனிக்கு ஒரு பைசா வராதுன்னு அறிக்கையே சொல்லுது. அதனால அங்க பயன்பாட்டு அத்தியாயத்துல பாக்க ஒண்ணுமே இல்ல, முழு கவனமும் இடர்ல வெக்கணும். சென்னைப் பக்கத்து தொழிற்சாலையையே நம்பி இருக்கோம், தாய் கம்பெனியோட பேரையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்துறதுக்கு ராயல்டி கட்டுறோம்னு சொல்லியிருந்தாங்க. ஸ்ரீபெரும்புதூர் வழியா போறவங்களுக்கு முதல் இடர் ஒரு கட்டடமாவே கண்ணுக்குத் தெரியும், அன்னிக்கு நிலைமைல அங்க வேலை நின்னா கார் நிக்கும். ராயல்டி வேற மாதிரி, அது விற்பனை மேல போற சதவீதம், ஏத்தினா லாபத்துல நேரா கை வெக்கும், வாங்குறது அதே பெரிய பங்குதாரர்.

தங்கச்சி பாத்தது இதெல்லாம் இல்ல, ஒரு சின்ன கம்பெனி. நோக்கம் கடன் அடைக்கிறதுன்னு இருந்துச்சு, நல்லதுதானேன்னா. அதுக்குக் கீழ கடன் குடுத்தவங்க அட்டவணை இருக்கும், அதைப் படி, ப்ரமோட்டர், அதாவது கம்பெனியை கையில வெச்சிருக்கிற முதலாளி, அவர் சம்பந்தப்பட்டவங்களுக்குப் பணம் போகுதான்னு சொல்ற வரியையும் தேடுன்னேன். ராத்திரி பத்து மணிக்கு போன், "அண்ணா, பேங்க் ரெண்டு இருக்கு, மூணாவது பேரு அந்த முதலாளியோட இன்னொரு கம்பெனி, அதுதான் பெரிய தொகை." இடர்ப் பட்டியல்ல அதே விஷயம் ஏழாவதா இருந்துச்சு, அவ முதல்ல படிச்சப்ப அர்த்தம் புரியாம தாண்டிப் போயிருக்கா. அப்ளை பண்ணல.