ஒரே localhost, இரண்டு முகவரிகள்

ஃபிளாஸ்கில் எழுதிய ஒரு சர்வர் 5000-ஆம் போர்ட்டில் ஓடுகிறது. பிரவுசரில் `http://localhost:5000` என்று அடித்தால் பக்கம் வருகிறது. அதே முகவரியை நோட் 18-இல் எழுதிய நிரல் `fetch` மூலம் அழைத்தால் பிழை வருகிறது:

```
connect ECONNREFUSED ::1:5000
```

இந்த வரியில் பார்க்க வேண்டியது `::1`. localhost என்பது வெறும் பெயர்தான். பெரும்பாலான கணினிகளில் அதற்கு இரண்டு முகவரிகள் உண்டு: ஐபிவி4-இல் `127.0.0.1`, ஐபிவி6-இல் `::1`. இரண்டும் இதே கணினியைத்தான் குறிக்கின்றன. ஆனாலும் கெர்னலுக்கு அவை வெவ்வேறு முகவரிகள். ஃபிளாஸ்க், வேறு எதுவும் சொல்லாவிட்டால், `127.0.0.1`-இல் மட்டுமே காத்திருக்கும். `::1`-இன் 5000-ஆம் போர்ட்டில் கேட்க ஆளில்லை என்பதால் கெர்னல் இணைப்பை உடனே மறுத்துவிடுகிறது.

பிரவுசர் தப்பிப்பது எப்படி? ஒரு முகவரி மறுத்தால் அது அடுத்ததை முயன்று பார்க்கும். நோட் 16 வரை ஐபிவி4 முகவரியே முன்னால் வைக்கப்பட்டதால் அங்கும் சிக்கல் தெரியவில்லை. 2021 அக்டோபரில் வந்த நோட் 17, இயங்குதளம் தரும் வரிசையை அப்படியே ஏற்கத் தொடங்கியது. பல கணினிகளில் அந்த வரிசையில் `::1`தான் முதலில் நிற்கும். நோட் அந்த முதல் முகவரியோடு நின்றுவிட்டது. நோட் 20 முதல் இயல்பாகவே அடுத்த முகவரியையும் முயல்கிறது. சர்வரில் ஓர் எழுத்துகூட மாறாமல், நோட் பதிப்பை மாற்றியதும் பிழை தோன்றி மறைவது இதனால்தான்.

விண்டோஸில், அடுத்த முகவரியையும் முயலும் நிரல்களில் இதே கோளாறு பிழையாக வராமல் தாமதமாக வரும். மறுப்பு வந்த பிறகும் விண்டோஸ் `::1`-ஐ மீண்டும் மீண்டும் தட்டிப் பார்க்கும்; அதன் பிறகே நிரல் `127.0.0.1`-க்கு மாறும். ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் சுமார் 2 விநாடி வீணாகும். பலர் டேட்டாபேஸைச் சந்தேகித்து நேரத்தைத் தொலைக்கும் இடம் இது.

லினக்ஸில் உறுதி செய்ய:

```
ss -ltn | grep 5000
curl -v http://localhost:5000
```

முதல் கட்டளை `127.0.0.1:5000` என்று மட்டும் காட்டினால், சர்வர் ஐபிவி4-இல் மட்டும் இருக்கிறது. இரண்டாவது, எந்த முகவரி மறுத்தது, எது ஏற்றது என்பதை வரிசையாகச் சொல்லும்.

எளிய தீர்வு, அழைக்கும் நிரலில் localhost-க்குப் பதில் `127.0.0.1` என்றே எழுதுவது. சர்வரை `::1`-க்கு மாற்றினால் சிக்கல் இடம்மாறும், அவ்வளவுதான்: இப்போது `127.0.0.1`-ஐ அழைப்பவர்களுக்கு மறுப்பு வரும். `::`-இல் காத்திருக்கச் செய்தால் லினக்ஸில் வழக்கமாக இரண்டு வகை இணைப்புகளும் வரும். ஆனால் அப்போது நெட்வொர்க்கில் உள்ள மற்ற கணினிகளுக்கும் சர்வர் திறந்துவிடும். சோதனைக்கு மட்டும் ஓடும் சர்வரை அப்படித் திறந்து வைக்கக் கூடாது.